மூழ்கும் கிண்ணமும் உச்சி நிழலும்

நாளந்தாவில் உச்சிப்பொழுது தாண்டிய பிறகு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிக்கு பிடிபட்டால், அவரை மடத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவிலிருந்து வந்து அங்கே பத்தாண்டுகள் போலத் தங்கியிருந்த இ-சிங் இதை எழுதி வைத்திருக்கிறார். பௌத்தத் துறவிகளுக்கு உச்சிக்குப் பிறகு உணவு இல்லை என்பது பொதுவாகத் தெரிந்த விதிதான். ஆனால் உச்சி எப்போது வந்தது என்பதை யார் சொல்வது? வெயில் காயும் நாளில் நிழலைப் பார்த்துக்கொள்ளலாம். பீகாரில் ஆனி, ஆடி மாதங்களில் வானம் மூடிக் கிடக்கும்போது?

அதற்குத்தான் அந்த மடங்களில் நீர்க்கடிகாரம் இருந்தது. அரசர்கள் தானமாகக் கொடுத்தது. கூடவே அதைக் கவனிக்க ஆட்களையும் கொடுத்தார்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதன் மேல் மிதக்கும் ஒரு செம்புக் கிண்ணம், கிண்ணத்தின் அடியில் ஊசித்துளை. துளை வழியே நீர் ஏறி, கிண்ணம் நிறைந்து மூழ்கும். மூழ்கியதும் முரசு ஒரு முறை. எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிடுவார்கள். இரண்டாம் முறை மூழ்கினால் இரண்டு முழக்கம், பிறகு மூன்று. நான்காவதுக்கு நான்கு முழக்கத்தோடு சங்கும் ஊதி, ஒரு தனி அடியும் உண்டு. இன்னொரு நான்கு கிண்ணம் முடிந்து, சங்குக்குப் பின் இரண்டு தனி அடி கேட்டால் உச்சி. அதன் பிறகு கை சோற்றுக்குப் போகக் கூடாது. எவ்வளவு மேகமிருந்தாலும் உச்சி தவறியதே இல்லை என்று இ-சிங் வியந்து எழுதுகிறார்.

காலை முதல் உச்சி வரை எட்டுக் கிண்ணம் என்றால், ஒரு கிண்ணத்துக்கு ஏறத்தாழ 45 நிமிடம். அதே இ-சிங், புத்தகயாவிலும் குசிநகரத்திலும் காலை முதல் உச்சி வரை 16 கிண்ணம் என்று சொல்கிறார். அங்கே ஒரு கிண்ணம் 22 நிமிடச் சொச்சம்தான். ஒரே நாட்டில், ஒரே சமயத்தாரிடம், ஒரு கிண்ணம் இன்னொன்றில் பாதி நேரத்தில் மூழ்குகிறது. இருந்தும் இரண்டு இடத்திலும் உச்சி சரியாக வந்தது. சில வருடங்களுக்கு முன் இதைப் படித்தபோதுதான் எனக்கு இந்தக் கிண்ணத்தின் மேல் பித்துப் பிடித்தது. அதுவரை நாழிகை வட்டில் என்றால் 24 நிமிடத்தில் கச்சிதமாக மூழ்கும்படி யாரோ ரகசிய அளவுகளில் செய்த கருவி என்றுதான் நினைத்திருந்தேன்.

நீரால் நேரத்தை அளப்பது இதைவிட மிகப் பழைய வேலை. எகிப்தின் கர்னாக் கோவிலில் 1904-இல் கிடைத்த பளிங்கு நீர்க்கடிகாரத்துக்குச் சுமார் 3,400 வயது. மூன்றாம் அமென்ஹோதெப் காலத்தது. இப்போது கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கப் பூந்தொட்டி மாதிரி, வாய் அகலம், அடி குறுகல். இதில் நீர் ஏறாது, அடியில் உள்ள சிறு துளை வழியே ஒழுகும். உள்சுவரில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வரிசைக் குறிகள் உண்டு. நீர்மட்டம் எந்தக் குறிக்கு இறங்கியிருக்கிறதோ, இரவில் அத்தனை மணி கழிந்தது என்று பூசாரி தெரிந்துகொள்வார். பன்னிரண்டு வரிசை எதற்கு? அவர்களுக்கு இரவென்றால் எந்தப் பருவத்திலும் பன்னிரண்டு மணிதான். நீண்ட இரவில் ஒரு மணி நீளும், குறுகிய இரவில் சுருங்கும்.

ஒழுகும் கடிகாரத்தில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. மேலே நீர் அதிகமாக நிற்கும்போது அழுத்தம் அதிகம், வேகமாக ஒழுகும். நீர் குறையக் குறைய ஒழுக்கு மெலியும். நீரின் உயரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் பாதியாகும். நேரான சுவர் கொண்ட பாத்திரமாக இருந்தால், சம இடைவெளியில் போட்ட கோடுகள் சம நேரத்தைக் காட்டாது. பூந்தொட்டி வடிவத்துக்குக் காரணம் அதுதான். மேலே வேகம் அதிகம், ஆனால் அங்கே வாயும் அகலம், ஆகவே மட்டம் மெதுவாக இறங்கும். கீழே வேகம் குறைவு, பாத்திரமும் குறுகல். இரண்டும் ஓரளவுக்கு ஒன்றையொன்று ஈடுகட்டும். முழுதாக ஈடுகட்ட வேண்டுமானால் சுவர் நேர்ச்சாய்வாக இல்லாமல், கணக்குப் போட்டு வளைந்திருக்க வேண்டும். எகிப்தியர் நேர்ச்சாய்வோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூழ்கும் கிண்ணம் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. அதற்கு இந்தச் சிக்கலே கிடையாது. அதில் கோடுகள் இல்லை. நடுவில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நீர் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஏறினால்தான் என்ன? வெறுங்கிண்ணத்தில் தொடங்கி மூழ்குவதில் முடிகிற அந்த மொத்த நேரம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருந்தால் போதும். தவிர, ஒழுகும் கடிகாரத்தில் குறிக்கோடு வரை அளந்து நிரப்புவதிலேயே கொஞ்சம் கூடும் குறையும். கிண்ணத்தை வழித்து எடுத்து மிதக்கவிடுவதில் அந்தப் பிசகுக்கு அவ்வளவாக இடமில்லை.

இதை எழுதுவதற்காகவே ஒரு பாத்திரக்காரரிடம் இரண்டு செம்புப் பாத்திரங்களில் துளை போட்டு வாங்கினேன். ஒன்று நேர்ச்சுவர் கொண்டது, தட்டையான அடி. மற்றது அரைக்கோளக் கிண்ணம். எதற்கு நேர்ச்சுவர் என்றால், காகிதத்தில் அதுதான் அழகான கருவி. மிதக்கும் பாத்திரத்துக்கு வெளியே நீர்மட்டம் உயரமாகவும் உள்ளே தாழ்வாகவும் இருக்கும். அந்த வித்தியாசம்தான் நீரை உள்ளே தள்ளுகிறது. ஆர்க்கிமிடிஸ் கணக்குப்படி, நேர்ச்சுவர்ப் பாத்திரத்தில் அந்த வித்தியாசம் தொடக்கம் முதல் கடைசி வரை மாறவே மாறாது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது செம்பின் எடையும் பாத்திரத்தின் பரப்பும் மட்டுமே. ஆகவே நீர் ஒரே சீராக ஏறும். உள்ளே கோடு போட்டால் கால் நாழிகை, அரை நாழிகைகூடப் படிக்கலாம். அப்படியிருக்க, நம் சாஸ்திரங்கள் எல்லாம் குடத்தின் கீழ்ப்பாதி போல உருண்டையாக இருக்க வேண்டும் என்று ஏன் சொல்கின்றன?

வாளியில் விட்டதும் பதில் தெரிந்தது. நேர்ச்சுவர்ப் பாத்திரம் காலியாக இருந்தவரை ஒழுங்காக மிதந்தது. அடியில் ஒரு விரல் நீர் ஏறியதும் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் நீர் சாய்ந்த பக்கமே ஓடிச் சேர்கிறது, அது இன்னும் சாய்க்கிறது. விளிம்பு முன்கூட்டியே நீருக்குள் போய், மூழ்கும் நேரம் ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது. அரைக்கோளக் கிண்ணம் அப்படிச் சாயவில்லை. காரணம் வடிவத்தில் இருக்கிறது. கோளப் பரப்பின் மேல் நீர் எங்கே அழுத்தினாலும், வெளியிலிருந்தானாலும் உள்ளிருந்தானாலும், அந்த அழுத்தம் கோளத்தின் மையத்தை நோக்கியோ மையத்திலிருந்து விலகியோதான் போகும். அது கிண்ணத்தைப் புரட்டாது. மிஞ்சுவது செம்பின் எடை மட்டும். அதன் புவியீர்ப்பு மையம் கோள மையத்துக்குக் கீழே இருப்பதால், கிண்ணத்தைத் தட்டிவிட்டாலும் நிமிர்ந்துகொள்ளும். எவ்வளவு நீர் ஏறியிருந்தாலும் இது மாறாது. சீரான ஒழுக்கை விட்டுக்கொடுத்து நிமிர்ந்த மிதப்பை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கோடே போடாத கருவிக்கு அது நல்ல பேரம்.

அரைக்கோளத்தில் நீர் எவ்வளவு சீரற்று ஏறுகிறது என்பதைக் கணக்கிட்டும் பார்த்தேன். 12 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம், 180 கிராம் எடையுள்ள கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். காலியாக விட்டால் 3.4 செ.மீ. ஆழத்துக்கு அமிழ்ந்து மிதக்கும். உள்ளே நீர் இல்லை, ஆகவே தள்ளும் உயரம் முழு 3.4 செ.மீ. மூழ்கப் போகும் தருணத்தில் வெளியே 6 செ.மீ., உள்ளே சுமார் நாலரை, தள்ளும் உயரம் ஒன்றரை செ.மீ.க்குக் கொஞ்சம் கீழ். ஆக ஏற்றத்தின் வேகம் முதலில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. உள்ளே 290 மில்லிலிட்டர் போல நீர் சேர்ந்தால் விளிம்பு முங்கிவிடும். இது 24 நிமிடத்தில், அதாவது ஒரு நாழிகையில் நடக்க வேண்டுமானால் துளையின் விட்டம் 0.9 மி.மீ. போல இருக்க வேண்டும்.

கிண்ணம் செய்வது சுலபம். அந்தத் துளைதான் பாடு. துளையின் விட்டம் ஐந்து சதவீதம் கூடினால் பரப்பு பத்து சதவீதம் கூடும், கிண்ணம் இரண்டு நிமிடம் முன்னதாக மூழ்கிவிடும். இங்கே ஐந்து சதவீதம் என்பது 0.045 மி.மீ., தலைமுடியின் கனம்கூட இல்லை. அந்த இரண்டு நிமிடம் ஒரு நாளில் சேர்ந்தால் 60 தடவை மூழ்க வேண்டிய கிண்ணம் 66 தடவை மூழ்கும். நுண்ணளவுக் கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில் இந்தத் துளையை எப்படி வரையறுத்து, ஊர் ஊராகச் சொல்லி அனுப்புவது?

பாகவத புராணத்தில் உள்ள வழி என்னை அசர வைத்தது. ஆறு பலம் எடையுள்ள பாத்திரம். நான்கு மாஷம் தங்கத்தை நான்கு விரற்கடை நீளத்துக்கு ஊசியாக்கி, அந்த ஊசி நுழையும் அளவுக்குத் துளை. ஒரு பிரஸ்தம் நீர் புகுந்து மூழ்கும் நேரம் ஒரு நாழிகை. சூட்சுமம் தங்கத்தில் இருக்கிறது. துளையின் விட்டத்தை அளக்க முடியாது, ஆனால் தங்கத்தை மிகத் துல்லியமாக எடைபோட முடியும், அந்தத் தராசு ஊருக்கு ஊர் பொற்கொல்லரிடம் இருந்தது. தங்கத்தின் அடர்த்தி எங்கேயும் ஒன்றுதான். எடையையும் நீளத்தையும் சொல்லிவிட்டால் கம்பியின் கனம் தானே முடிவாகிவிடும். மாஷத்துக்கு ஐந்து குன்றிமணி, குன்றிமணிக்கு 0.12 கிராம் என்று வைத்தால் மொத்தம் 2.4 கிராம் தங்கம். விரற்கடை 1.9 செ.மீ. என்றால் நீளம் 7.6 செ.மீ. அப்படி நீட்டிய கம்பியின் விட்டம் ஏறக்குறைய 1.4 மி.மீ. நான் கணக்கிட்டதைவிடப் பெரிய பாத்திரத்துக்குப் பொருந்திவரக்கூடிய துளை. செம்பு, வெள்ளி என்று சொல்லாமல் தங்கம் என்று சொன்னதில் பகட்டு எதுவும் இல்லை. கலப்படத்தை உரைகல்லில் உரசிக் கண்டுபிடிக்கக்கூடிய, துருப்பிடிக்காத, மெல்லிதாக நீளக்கூடிய உலோகம் அது.

ஆனால் இதை ஏற்காத ஒருவர் இருந்தார். 1150-இல் சித்தாந்த சிரோமணியை எழுதிய பாஸ்கராச்சாரியர். இத்தனை பலம் செம்பு, இத்தனை மாஷம் ஊசி என்ற விதிகளுக்குத் தர்க்கமும் இல்லை, அப்படியே செய்வது கடினமும்கூட என்பது அவர் கட்சி. அவருடைய முறையில் அளவே கிடையாது. குடத்தின் கீழ்ப்பாதி போல ஒரு செம்புப் பாத்திரம், அடியில் ஒரு துளை. ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த முழு நாளில் அது எத்தனை முறை மூழ்குகிறது என்று எண்ணு. 60-ஐ அந்த எண்ணால் வகு. வருவதுதான் உன் கிண்ணத்தின் அளவு. என் கிண்ணம் 66 தடவை மூழ்கினால், ஒரு மூழ்கல் என்பது 60/66 நாழிகை, அதாவது 21 நிமிடம் 49 விநாடி. அவ்வளவுதான். துளையைத் திருத்த வேண்டாம், கிண்ணத்தைக் குறை சொல்லவும் வேண்டாம். நாளந்தாக் கிண்ணமும் குசிநகரத்துக் கிண்ணமும் வேறு வேறாக இருந்தும் உச்சி தவறாததன் காரணம் இதேதான். எனக்கு பாஸ்கரரின் பக்கம்தான் சாய்வு. தங்க ஊசி எவ்வளவு புத்திசாலித்தனமானாலும், கிண்ணத் தகட்டின் கனம், துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறு, பாத்திரத்தின் வளைவு எல்லாமே நேரத்தை மாற்றும். அத்தனையையும் விதியாக எழுதி முடியாது. எண்ணிப் பார்ப்பதில் அத்தனையும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும்.

முழு நாள் என்று எதை வைத்து எண்ணுவது? கிண்ணம் தானாக எதையும் அறியாது. எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்பதைச் சொல்ல வானம் வேண்டும். உதயத்திலிருந்து உதயம் என்று எண்ணலாம். ஆனால் அடிவானத்தில் மரமோ மலையோ மேகமோ இருந்தால் உதயம் பிசகும். உறுதியான இடம் உச்சிதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு நேரான கோலும் கயிறும் போதும். சமன் செய்த தரையில் கோலை நட்டு, அதை மையமாக்கி ஒரு வட்டம் போடு. இந்தக் கோலுக்குச் சங்கு என்று பெயர். காலையில் நிழல் நீளமாக வட்டத்துக்கு வெளியே கிடக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கி, நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு குறி. பிற்பகலில் நுனி வெளியேறும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டையும் சேர்த்துக் கயிறு பிடித்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாகக் கோல் வழியே போகும் கோடு வடக்கு தெற்கு. மறுநாள் நிழல் இந்தக் கோட்டின் மேல் விழும் கணம் உச்சி.

நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனைக்குக் கயிறு போடும் இடம் இதே காட்சிதான். "இருகோல் குறிநிலை வழுக்காது", சூரியன் "ஒருதிறம் சாரா அரைநாள் அமயத்து" நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டார்கள் என்கிறார் நக்கீரர். இரண்டு கோல்களின் நிழற்குறி பிசகாமல், சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலில். மதுரையில் ஏப்ரல் நடுவில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது, நட்ட கோலுக்கு நிழலே இருக்காது. அந்த வரியை அந்த நாளோடு சேர்த்துப் படிக்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

நிழலுக்கும் ஒரு எல்லை உண்டு. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே நிழலின் ஓரம் கோடு போட்டதுபோல விழாது, மங்கலாகக் கலையும். ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரத்தில் ஒரு செ.மீ. அளவுக்கு அந்த மங்கல் இருக்கும். வானத்தில் அரை பாகை நகரச் சூரியனுக்கு இரண்டு நிமிடம் ஆகும். பழகிய கண் மங்கலின் நடுவைப் பிடித்தால் ஒரு நிமிடம் வரை நம்பலாம். கோலை உயரமாக்கினால் நிழல் வேகமாக நகரும், மங்கலும் அதே அளவில் பெருகும், லாபம் குறைவு.

உச்சியைக் காட்டுவது சுலபம். மற்ற மணிகளையும் நிழலில் படிக்க வேண்டும் என்றால்தான் சூரிய கடிகாரம் ஊரோடு கட்டுண்டுவிடும். ரோமாபுரியின் கதை இதற்குப் பிரசித்தம். கி.மு. 263-இல் சிசிலியின் கட்டானியாவைப் பிடித்த தளபதி வலேரியஸ் மெஸ்ஸாலா, அங்கிருந்த சூரிய கடிகாரத்தைப் பெயர்த்துவந்து ரோமில் பொது இடத்தில் தூண் மேல் வைத்தார். கட்டானியா ரோமுக்குத் தெற்கே நாலரை பாகை போலத் தள்ளி இருக்கிறது. கோடுகள் அந்த ஊருக்குப் போட்டவை. இருந்தும் ரோமர்கள் அதை 99 ஆண்டுகள் பின்பற்றினார்கள் என்று பிளினி எழுதுகிறார். கி.மு. 164-இல்தான் சரியானதை வைத்தார்கள். பலரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். வடக்கு தெற்காகச் சரியாக நிறுத்தியிருந்தால், அந்தக் கடிகாரம் எந்த ஊரிலும் உச்சியைச் சரியாகவே காட்டும். தவறு காலையிலும் மாலையிலும்தான் சேரும். ஒத்துப்பார்க்க வேறு கடிகாரம் இல்லாத ஊரில் அதை யார் கண்டுபிடிப்பது? ரோமில் பொது நீர்க்கடிகாரம் வந்ததே கி.மு. 159-இல்தான்.

ஊரோடு கட்டுண்டது என்பதற்கு நம் ஊர்ச் சுவர் இன்னும் நல்ல உதாரணம். ஐரோப்பாவில் தேவாலயத்தின் தெற்குச் சுவரில் ஒரு கம்பியை நட்டு, கீழே கோடு போட்டு வருடம் முழுக்க மணி பார்ப்பார்கள். அதையே கும்பகோணத்தில், பதினோரு பாகை அட்சரேகையில் செய்தால் என்ன ஆகும்? ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் ஊரின் தலைக்கு மேல் வந்து, அதன்பின் வடக்கே போய்விடும். அங்கிருந்து ஆகஸ்ட் 23 வரை, உதயம் முதல் அஸ்தமனம் வரை, ஒரு நிமிடம்கூடத் தெற்குச் சுவரில் வெயில் படாது. நல்ல வெயில் காலத்தில் நான்கு மாதம் கடிகாரத்துக்கு விடுமுறை. தரையில் படுக்கையாக வைத்தால் வருடம் முழுக்க ஓடும். ஆனால் அங்கே கம்பி துருவத்தை நோக்கிப் பதினோரு பாகைதான் சாய்ந்து நிற்க வேண்டும், கிட்டத்தட்டப் படுத்த மாதிரி. மணிக்கோடுகளும் நெருங்கிவிடும். உச்சிக்கோட்டுக்கும் ஒரு மணிக்கோட்டுக்கும் இடையே மூன்று பாகைகூட இருக்காது. ஐந்து மணிக்கோடோ 35 பாகையில் விலகிக் கிடக்கும். நடுப்பகலில் படிப்பது கஷ்டம். இந்த அட்சரேகைக்கு நட்ட கோலும் அதன் நிழலின் நீளமும்தான் கைகொடுக்கும்.

ஆகவே வேலை பிரிந்தது. சூரியன் நாளுக்கு ஒரு முறை கணக்கைத் தொடங்கி வைக்கும், கிண்ணம் அதைத் துண்டுபோடும். முக்கியமாக இரவில். முல்லைப்பாட்டில் பாசறையில் மன்னனிடம் வந்து "குறுநீர்க் கன்னல் இனைத்து", அதாவது நீர்க்கடிகாரத்தில் இத்தனை நாழிகை ஆயிற்று, என்று சொல்பவர்களைப் புலவர் "பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்" என்கிறார். பொய்யா மாக்கள் என்ற அடைமொழி சும்மா வரவில்லை. இந்தக் கடிகாரத்தின் பலவீனமான உறுப்பு காவல் இருப்பவர்தான். கிண்ணம் மூழ்கியதும் உடனே எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து விநாடி தாமதித்தால் ஒரு நாளில் பத்து நிமிடம் போய்விடும். தாமதம் சீராக இருந்தால் பரவாயில்லை, அது எண்ணிக்கையில் அடங்கிவிடும். தூக்கம் சீராக வருவதில்லை. எண்ணிக்கையே ஒன்று விடுபட்டால் 24 நிமிடம் காணாமல் போகும்.

எத்தனை கிண்ணம் ஆயிற்று என்பதை ஊருக்குச் சொல்வதிலும் சிக்கல் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பாபர் இந்துஸ்தானத்தில் பார்த்ததை எழுதுகிறார். இரண்டு விரல் கனத்தில் தாம்பாளம் போன்ற பித்தளை வட்டை உயரமான இடத்தில் தொங்கவிட்டு, கிண்ணம் மூழ்க மூழ்க அடிப்பார்கள். நடு இரவில் விழித்தவருக்கு மூன்றோ நான்கோ அடி கேட்கும், ஆனால் அது இரண்டாம் சாமத்தின் நான்கா, மூன்றாம் சாமத்தின் நான்கா என்று தெரியாது. நாழிகை அடித்து, கொஞ்சம் நிறுத்தி, எந்தச் சாமம் என்பதையும் அடிக்க வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார்.

கருவியின் கோளாறுகள் பெரும்பாலும் துளையில்தான். தண்ணீரில் மணல் இருந்தால் அடைக்கும், ஆகவே நீரை வடிகட்ட வேண்டும். உப்புத் தண்ணீரானால் துளையின் ஓரத்தில் சுண்ணாம்பு படிந்து நாளடைவில் துளை குறுகும்; கிண்ணம் மாதத்துக்கு மாதம் மெதுவாகிக்கொண்டே போனால் அதுதான் காரணம். மாறாக, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் செம்பு கரைந்தால் துளை அகலும், எடையும் குறையும். மார்கழிக் குளிர்ந்த நீர் சித்திரை நீரைவிடச் சற்றுப் பிசுபிசுப்பு, சிறு துளையில் அதன் வித்தியாசம் தெரியும். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: அடுத்த நல்ல வெயில் நாளில் உச்சி முதல் உச்சி வரை மறுபடி எண்ணுவது.

பாஸ்கரரின் மகள் லீலாவதி பற்றிய கதைகூட இந்தத் துளையைத்தான் சுற்றுகிறது. திருமண முகூர்த்தத்துக்கு மிதக்கவிட்ட கிண்ணத்தை அவள் எட்டிப் பார்க்க, நெற்றி அணிகலனிலிருந்து ஒரு முத்து விழுந்து துளையை அடைத்ததாம். கிண்ணம் மூழ்கவே இல்லை, முகூர்த்தம் தப்பியது. 1587-இல் அக்பருக்காக லீலாவதி நூலைப் பாரசீகத்தில் ஆக்கிய ஃபைஸி சொல்லும் கதை இது. வரலாறாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கதையைக் கட்டியவருக்கு இந்தக் கருவி எங்கே கெடும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

இவ்வளவு காவலும் பராமரிப்பும் வேண்டியதால் கிண்ணம் வீட்டுக்கு வீடு இருந்ததில்லை. கண்டி அரசில் 1660 முதல் கிட்டத்தட்ட இருபதாண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நாக்ஸ், அங்கேயும் பகல் முப்பது இரவு முப்பது என்று நாளைப் பிரிப்பதையும், மண்பானை நீரில் செம்புக் கிண்ணம் மிதப்பதையும் விவரிக்கிறார். அதை வைத்திருப்பது அரசர் மட்டும்தான், ஓயாமல் பார்த்திருக்க அதற்கென ஓர் ஆள் உண்டு என்கிறார். மற்றவர்கள் சூரியனைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். மாலை நான்கு மணி வாக்கில் விரியும் ஒரு பூவை வைத்தும் கணிப்பார்கள்.

பல்சக்கரக் கடிகாரம் வந்ததும் இதெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தொடக்ககால ஐரோப்பியக் கடிகாரங்கள் நாளுக்குக் கால் மணி நேரம் வரை பிசகின. நன்றாகக் கவனிக்கப்பட்ட ஒரு கிண்ணம் அதைவிட மோசமில்லை. அவற்றையும் சூரிய கடிகாரத்தைப் பார்த்துத்தான் தினமும் திருத்தினார்கள். பல்சக்கரம் வந்தது கிண்ணத்தின் வேலைக்கு. சூரியனின் வேலை இன்னும் முந்நூறு ஆண்டுக்கு மேல் சூரியனிடமே இருந்தது. 1656-இல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் நிலைமை மாறியது. அப்போது வேறொன்றும் அப்பட்டமாகத் தெரிந்தது. உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடைவெளி எல்லா நாளும் சமமில்லை, ஆண்டின் சில நாட்களில் அரை நிமிடம்வரை கூடக் குறைய இருக்கும். அது சேர்ந்து சேர்ந்து, நவம்பர் தொடக்கத்தில் சூரியன் சீரான கடிகாரத்தைவிட 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தியும் உச்சிக்கு வருகிறது. தாலமியும் நம் சித்தாந்திகளும் இதைக் கணக்கில் அறிந்திருந்தார்கள். கிண்ணத்துக்கு மட்டும் அது தெரிய வழியில்லை. ஒவ்வோர் உச்சியிலும் அதன் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவிடுகிறார்களே.